இரண்டு எம்.2 ஸ்லாட், இரண்டு வேறு பாதை: எஸ்எஸ்டி வாங்கும் முன் மதர்போர்டை எண்ணிப் பார்ப்பது

சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலையில் தன் கணினியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "தம்பி, நாலு டிபி ஹார்ட்டிஸ்க் செத்துப் போச்சு. மூணு வருசக் கல்யாணம் எல்லாம் அதுலதான் இருக்கு" என்றார். முந்தின நாள் அவரே ஒரு புது எஸ்எஸ்டியை வாங்கி மாட்டியிருக்கிறார். புது ட்ரைவ் தெரிகிறது, பழைய ஹார்ட்டிஸ்க் காணாமல் போய்விட்டது.

ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி டாக்கில் செருகினேன். எல்லாக் கோப்பும் அப்படியே இருந்தது. திரும்ப மதர்போர்டில் அதே சாட்டா துளையில் மாட்டினால் மறுபடி காணோம். கேபிளை மாற்றியும் பயனில்லை. ஹார்ட்டிஸ்க் சாகவில்லை, அது மாட்டியிருந்த துளையைத்தான் மதர்போர்டு மூடிவிட்டது. மூட வைத்தது அவர் ஆசையாக வாங்கி வந்த அந்தப் புது எஸ்எஸ்டி.

சாட்டா எஸ்எஸ்டி வாங்குவதா, என்விஎம்இ வாங்குவதா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் வேகத்தை வைத்தே கேட்கிறார்கள். பெட்டியில் 550 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 3,500 என்று போட்டிருக்கிறது, எது நல்லது என்று. அந்தக் கேள்விக்கு முன்னால் வர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் மதர்போர்டில் எத்தனை இடம் இருக்கிறது, ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் எந்தப் பாதை ஓடுகிறது? அதை எண்ணிய பிறகு பாதிப் பேருக்கு முதல் கேள்வியே தேவைப்படாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் அந்தச் சின்னப் பலகை, பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் அதன்மேல் 2280 என்று எழுதியிருக்கும். அந்தப் பலகை சாட்டா மொழி பேசலாம், என்விஎம்இ மொழியும் பேசலாம். வெளியே பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். சாட்டா பேசும் எம்.2 பலகைகளில் பெரும்பாலும் தொடுமுனைப் பக்கம் இரண்டு வெட்டு இருக்கும், நாலு லேன், அதாவது நாலு தடம், பயன்படுத்தும் என்விஎம்இயில் ஒரே வெட்டு. ஆனால் இரண்டு லேன் மட்டும் பயன்படுத்தும் சில என்விஎம்இகளிலும் இரண்டு வெட்டு உண்டு. ஆகவே வெட்டை எண்ணி முடிவு கட்டாமல் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

சாட்டாவின் எல்லை எளிமையானது. இன்று புழக்கத்தில் இருக்கும் மூன்றாம் தலைமுறை சாட்டா நொடிக்கு 6 கிகாபிட் அனுப்பும். 8 பிட் தகவலை அனுப்ப 10 பிட் செலவழிக்கும் முறை என்பதால் கையில் கிடைப்பது அதிகபட்சம் 600 எம்பி. நடைமுறையில் 550 வரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சாட்டா எஸ்எஸ்டி அதைத் தாண்டாது, ஏனென்றால் தடை ட்ரைவில் இல்லை, வழியில் இருக்கிறது.

என்விஎம்இ அந்த வழியை விட்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் ஓடுகிறது. அங்கே லேன் கணக்கு. மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி கொண்டுபோகும். வழக்கமான என்விஎம்இக்கு நாலு லேன், அதனால்தான் பெட்டியில் 3,500 என்று வருகிறது. நாலாம் தலைமுறையில் லேனின் வேகம் இரட்டிப்பு. இரண்டாம் தலைமுறையில் பாதி, அதாவது லேனுக்கு 500 எம்பிதான். இந்தப் பாதிக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, அண்ணன் கணினிக்கு வருவோம். பி450 சிப்செட் போட்ட சின்ன மதர்போர்டு, ரைசன் 5 2600 பிராசசர். நாலு சாட்டா துளை, நாலிலும் ஆள் இருந்தது. முதலாவதில் விண்டோஸ் இருக்கும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, இரண்டாவதில் 2 டிபி ஹார்ட்டிஸ்க், மூன்றாவதில் அந்த 4 டிபி, நாலாவதில் டிவிடி எழுதும் கருவி. டிவிடி இன்னும் எதற்கு என்று கேட்காதீர்கள். தோட்டத்தில் இருக்கும் பாட்டிமார் தட்டில் போட்டுக் கொடுத்தால்தான் கல்யாண வீடியோ வந்ததாகவே ஒத்துக்கொள்வார்கள்.

இவை தவிர இரண்டு எம்.2 ஸ்லாட். பிராசசருக்குப் பக்கத்தில் ஒன்று, அதன்மேல் அலுமினியத் தகடு. போர்டின் கீழ்ப்பக்கம் இன்னொன்று, திறந்தபடி. அண்ணன் வாங்கியது 1 டிபி சாட்டா எம்.2. தகட்டின் திருகைக் கழற்றப் பயந்து, திறந்திருந்த கீழ் ஸ்லாட்டில் மாட்டினார். சரியாகத்தான் மாட்டியிருந்தார், சாய்த்துச் செருகி, அழுத்தி, முனையில் திருகும் போட்டிருந்தார். மாட்டிய விதத்தில் எந்தக் குறையும் இல்லை.

கையேட்டைத் திறந்தேன். ஸ்லாட்டுகளைப் பற்றிய பக்கத்தில், நட்சத்திரக் குறி போட்டு, பொடி எழுத்தில் ஒரு வரி: M2_2, SATA3_3 இரண்டும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன, ஒன்றில் ட்ரைவ் இருந்தால் மற்றது அணைந்துவிடும். மூன்றாம் சாட்டா துளையில் இருந்த 4 டிபி ஏன் மறைந்தது என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், துளைகளைப் பிராசசரோடு இணைக்கும் சில்லான சிப்செட்டிலிருந்து வெளியே வரும் அதிவேகத் தடங்கள் எண்ணிக்கையில் குறைவு. போர்டு தயாரிப்பவர் ஒரு தடத்தை இரண்டு இடத்துக்கு இழுத்து விடுகிறார், இரண்டில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்திக்கொள் என்று. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் பெட்டிமேல் "நாலு சாட்டா, இரண்டு எம்.2" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆறு ட்ரைவ் மாட்டலாம் என்றுதான் தோன்றும். அண்ணன் போர்டில் கீழ் ஸ்லாட்டை நிரப்பினால் மொத்தம் ஐந்துதான். அந்தப் பொடி எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தால் ஓர் ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக்க ஒரு மனிதர் தூங்காமல் கிடந்திருக்க வேண்டியதில்லை.

இப்போது லேன்களை எண்ணுவோம். அண்ணனுடைய ரைசன் 5 2600 பிராசசரிலிருந்து 24 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் வருகிறது, எல்லாம் மூன்றாம் தலைமுறை. அதில் 16 கிராபிக்ஸ் கார்டுக்கு. 4 மேல் எம்.2 ஸ்லாட்டுக்கு, நேராக. மீதி 4 சிப்செட்டோடு பேசுவதற்கு. சிப்செட் தன் பங்குக்குச் சில லேன்களைத் தருகிறது, ஆனால் பி450இல் அவை இரண்டாம் தலைமுறை, பாதி வேகம்.

சாட்டா துளைகள், யூஎஸ்பி துளைகள் பெரும்பகுதி, இணையம் எல்லாம் சிப்செட்டுக்குப் பின்னால் இருப்பவை. அவை எல்லாமே பிராசசரை அடைய அந்த நாலு லேனைத்தான் பயன்படுத்த வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஒவ்வொரு காட்டுப் பாதையிலிருந்தும் வந்து, ஆலை வாசலில் இருக்கும் ஒரே எடைமேடைக்கு வரிசையில் நிற்பதை நம் பக்கம் எல்லோரும் பார்த்திருப்போம். அதே கதை. ஒரு ஹார்ட்டிஸ்க்கும் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் ஓடினால் எடைமேடை காலியாகத்தான் கிடக்கும். வரிசை நீளுவது நாலைந்து வேகமான கருவிகள் ஒரே நேரத்தில் ஓடும்போது மட்டும். மேல் எம்.2 ஸ்லாட்டுக்கு அந்த வரிசையே கிடையாது, அதற்குத் தனிச் சாலை.

ஆகவே தகடு மூடிய மேல் ஸ்லாட்தான் போர்டின் நல்ல இடம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதே போர்டில் அத்லான் வகை மலிவு பிராசசர் இருந்தால் மேல் ஸ்லாட்டுக்கு நாலுக்குப் பதில் இரண்டு லேன்தான் கிடைக்கும். ஸ்லாட் அதேதான், உள்ளே இருப்பது வேறு. போர்டு பெயரை மட்டும் பார்த்து எண்ணினால் இங்கே கணக்கு தவறும், பிராசசர் பெயரும் வேண்டும்.

கீழ் ஸ்லாட்டில் என்விஎம்இயை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அண்ணன் போர்டில் அந்த ஸ்லாட் சாட்டா மட்டும் பேசும். என்விஎம்இ அழகாக உட்கார்ந்திருக்கும், திருகும் ஏறும், பயாஸில் ஒன்றும் தெரியாது. புது ட்ரைவ் பழுது என்று கடையில் கொண்டுபோய்ச் சண்டை போடுபவர்கள் உண்டு. வேறு சில பி450 போர்டுகளில் கீழ் ஸ்லாட் என்விஎம்இயை ஏற்கும், ஆனால் சிப்செட்டின் பாதி வேக லேனில். 3,500 போட்ட ட்ரைவ் அங்கே 2,000ஐக்கூட எட்டாது. கெட்டுப்போகவில்லை, அந்த வழியின் அளவு அவ்வளவுதான்.

பெரிய பிசிஐஇ ஸ்லாட்டுகளிலும் இதே மயக்கம் இருக்கிறது. அண்ணன் போர்டில் கிராபிக்ஸ் கார்டு மாட்டும் நீள ஸ்லாட் இரண்டு இருந்தன. கைபேசி விளக்கை அடித்து இரண்டாவதின் உள்ளே அவருக்குக் காட்டினேன். முன்பகுதியில் மட்டும் தங்க நிறத் தொடுமுனைகள் மின்னின, அப்புறம் வெறும் பிளாஸ்டிக் பள்ளம். நீளம் பதினாறுக்கு, கம்பி நாலுக்கு. சிப்செட்டிலிருந்து வரும் நாலு லேன் அது. சின்ன அடாப்டர் கார்டு போட்டால் இரண்டாவது என்விஎம்இயை அங்கே வைக்கலாம், பாதி வேகத்தில். எல்லாப் போர்டிலும் இப்படிக் கண்ணால் எண்ண முடியாது என்பதால் கையேடுதான் கடைசி வார்த்தை.

எண்ணி முடித்ததும் அண்ணனுக்கு மூன்று வழி தெரிந்தது. டிவிடி கருவியைக் கழற்றிவிட்டு 4 டிபியை நாலாம் துளைக்கு மாற்றலாம், புது சாட்டா எம்.2 கீழேயே இருக்கட்டும். அல்லது அந்த சாட்டா எம்.2வையே மேல் ஸ்லாட்டுக்கு மாற்றலாம். இந்தப் போர்டில் மேல் ஸ்லாட் இரண்டு மொழியும் பேசும், எல்லாத் துளையும் மீண்டும் உயிர் பெறும். ஆனால் பிராசசரிலிருந்து நேராக வரும் நாலு லேன் சும்மா கிடக்க, அந்த இடத்தில் 550 எம்பி ட்ரைவ் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது வழி, மேல் ஸ்லாட்டுக்கு ஒரு என்விஎம்இ வாங்குவது. கீழ் ஸ்லாட் காலி, நாலு சாட்டா துளையும் அப்படியே.

நான் மூன்றாவதைச் சொன்னேன். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. என்விஎம்இ அங்கே யாருடைய இடத்தையும் பறிக்காது என்பதுதான் முதல் காரணம்.

வேகத்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் உள்ளபடி சொன்னேன். கேமரா அட்டையிலிருந்து படம் இறக்கும்போது ஒன்றும் கிடைக்காது. அவருடைய அட்டை நொடிக்கு 90 எம்பி அளவில் படிக்கிறது. 64 ஜிபி இறக்க 12 நிமிடம் ஆகும், எதிரே சாட்டா இருந்தாலும் என்விஎம்இ இருந்தாலும். முடிந்த வேலையை 4 டிபி ஹார்ட்டிஸ்க்குக்கு நகல் எடுக்கும்போதும் கிடைக்காது. ஹார்ட்டிஸ்க் 150 எம்பி வேகத்தில் எழுதினால் 300 ஜிபிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவுதான். இரண்டு முனையில் மெதுவான முனைதான் நேரத்தைத் தீர்மானிக்கும். கடைசியில் வீடியோவை ரெண்டர் செய்யும்போது பெரும்பாலும் மூச்சு வாங்குவது பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும்தான்.

விண்டோஸ் தொடங்கும் நேரமா? ஹார்ட்டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறுவது இரவும் பகலும் போன்ற வித்தியாசம். ஹார்ட்டிஸ்க்கில் தலை நகர்ந்து ஒரு சின்னத் துண்டைத் தேடிப் பிடிக்க 10 மில்லிநொடிக்கு மேல் ஆகும், எஸ்எஸ்டியில் அது மில்லிநொடியின் பத்தில் ஒரு பங்கு. கணினி தொடங்கும்போது நடப்பது ஆயிரக்கணக்கான இந்தச் சின்னத் தேடல்கள்தான். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது அந்தச் சின்னத் தேடல் இன்னும் கொஞ்சம் குறையும், ஆனால் கையில் கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். என்விஎம்இயின் பெரிய பலம் ஒரே நேரத்தில் ஏராளமான கட்டளைகளை வாங்கிக்கொள்வது. பழைய சாட்டா முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளை. என்விஎம்இ விதிப்படி 64,000க்கு மேற்பட்ட வரிசைகள் வைக்கலாம். வீட்டுக் கணினி அந்த அளவுக்குக் கட்டளைகளை அடுக்குவதே இல்லை.

அவருக்குக் கிடைப்பது ஒரே இடத்தில். இரண்டு மூன்று கேமரா காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு வெட்டும்போது, அத்தனையும் ஒரே ட்ரைவிலிருந்து படிக்கப்படுகிறது, முன்னோட்டக் கோப்புகள் அதே ட்ரைவில் எழுதப்படுகின்றன. அங்கே அகலமான பாதை உண்மையிலேயே உதவும். ஆகவே விண்டோஸைப் பழைய 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியிலேயே விட்டுவிட்டோம், நகர்த்தவே இல்லை. புது என்விஎம்இயை நடப்பு வேலைக்கு மட்டும் ஒதுக்கினோம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொன்னேன். மலிவான என்விஎம்இகள் முதல் சில பத்து ஜிபியைத்தான் பெட்டியில் போட்ட வேகத்தில் எழுதும், அந்த இடைச் சேமிப்பு நிரம்பியதும் இறங்கிவிடும். கியூஎல்சி வகைச் சில்லு போட்ட சில ட்ரைவ்கள் ஹார்ட்டிஸ்க் வேகத்துக்கே வந்துவிடுகின்றன. 300 ஜிபி எழுதும் வேலைக்கு அது ஆகாது. அந்த அளவுக்கு இறங்காத டிஎல்சி வகைச் சில்லு போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினார்.

மாட்டிய பிறகு எண்ணியது சரியா என்று பார்க்க வேண்டும். பவர்ஷெல்லில் இதைத் தட்டினால் ஒவ்வொரு ட்ரைவும் எந்த மொழி பேசுகிறது என்று தெரியும்:

```
Get-PhysicalDisk | Select-Object FriendlyName, BusType, Size
```

`BusType` பத்தியில் `SATA` அல்லது `NVMe` என்று வரும். ஆனால் எத்தனை லேன் என்பதை இது சொல்லாது. அதற்கு CrystalDiskInfo என்ற இலவச மென்பொருளில் `Transfer Mode` வரியைப் பாருங்கள். அண்ணன் கணினியில் இப்படி வந்தது:

```
PCIe 3.0 x4 | PCIe 3.0 x4
```

இடது பக்கம் இப்போது ஓடும் வேகம், வலது பக்கம் அந்த ட்ரைவால் முடிந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. இடப்பக்கம் `PCIe 2.0` என்றோ `x2` என்றோ இருந்தால் ட்ரைவைக் குறை சொல்லும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள். லினக்ஸில் இதே தகவலை `sudo lspci -vv` தரும். `LnkCap` வரியில் முடிந்தது, `LnkSta` வரியில் நடப்பது.

பயாஸில் தேடும்போதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்விஎம்இ சாட்டா பட்டியலில் வராது, அதற்குத் தனிப் பகுதி இருக்கும். சாட்டா பட்டியலில் காணோம் என்று பதறி ட்ரைவைத் திருப்பிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

நம் பக்கத்து வெயிலையும் கணக்கில் எடுங்கள். மத்தியானம் மூன்று மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே, ஏர்கோன் இல்லாத அறையில், என்விஎம்இ நீண்ட நேரம் எழுதினால் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அண்ணன் பயந்து தொடாமல் விட்ட அந்த அலுமினியத் தகடு அதற்காகத்தான் இருக்கிறது. கழற்றியதை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள், தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பிசின் பட்டையின்மேல் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு. உரிக்காமல் மாட்டிய தகடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாதவர்களும் இருக்கிறார்கள். அதே வாரம் ஒரு தோட்ட ஆபீஸ் கிராணியார் தன் பழைய கணினியைக் கொண்டுவந்தார். நாலாம் தலைமுறை இன்டெல், எச்81 போர்டு, எம்.2 ஸ்லாட்டே இல்லை. அடாப்டர் போட்டு என்விஎம்இ மாட்டினால் விண்டோஸுக்குள் தெரியும், ஆனால் அந்தக் காலத்துப் பயாஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அதிலிருந்து கணினியைத் தொடங்கத் தெரியாது. அவருக்கு ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும், வேறு எதுவும் வீண் செலவு. ஒரே ஒரு ஹார்ட்டிஸ்க் இடம் மட்டும் உள்ள பழைய மடிக்கணினிக்கும் இதே பதில்தான்.

அண்ணன் முதலில் வாங்கிய சாட்டா எம்.2வைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை, பெட்டியைப் பிரித்துவிட்டார் அல்லவா. அதை ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். உறையிலும் அதே கதை உண்டு, என்விஎம்இ மட்டும் ஏற்கும் உறைக்குள் சாட்டா பலகை வேலை செய்யாது, சாட்டா என்று எழுதியிருப்பதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது கல்யாணம் முடிந்த கையோடு மண்டபத்திலேயே மடிக்கணினியில் அதை மாட்டி, கேமரா அட்டைகளுக்கு முதல் நகல் எடுத்துக்கொள்கிறார். 4 டிபி மூன்றாம் துளையிலேயே இருக்கிறது. கீழ் எம்.2 ஸ்லாட்டின்மேல் ஒரு சின்னத் தாள் ஒட்டி, "இங்கே மாட்டினால் மூணு போயிடும்" என்று மார்க்கர் பேனாவில் எழுதி வைத்தேன்.